தீபாவளி லீவு முடிஞ்சு போட்ட பூரி கிழங்கு: பச்சை பாய்ஞ்ச உருளைக்கிழங்கால வந்த வினை

இது கோயமுத்தூர் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல நடந்தது. நான் அங்க ஸ்டோர் கணக்கு பாக்கறேன், காய்கறி மளிகை வாங்கறது, எடை போடறது, மெனு எழுதறது எல்லாம் என் பொறுப்பு. காலேஜ்ல மனையியல் படிச்சவ, அதனால தெரியாம நடந்துச்சுன்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது. யார் பேரும் போடல, யாரையும் குத்தம் சொல்லவும் எழுதல. மெஸ், கேட்டரிங்னு மூட்டைக் கணக்குல கிழங்கு வாங்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

பின்னணி

தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி மண்டியில இருந்து 50 கிலோ மூட்டை ஒண்ணு இறக்கினோம். அந்த சீசன்ல வடக்க இருந்து வர்ற கிழங்கு பெரும்பாலும் கோல்ட் ஸ்டோரேஜ்ல இருந்து எடுத்தது. பிப்ரவரி மார்ச்ல தோண்டினத குளிர்ல வெச்சு மாசக்கணக்கா தூங்க வெச்சிருப்பாங்க, வெளிய எடுத்து நம்ம ஊரு சூட்டுக்கு வந்ததும் அது பாட்டுக்கு முழிச்சுக்கும், முளை விட ரொம்ப நாள் எடுக்காது. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, கல்லு மாதிரி கெட்டியா, ஒரு முளை கிடையாது.

பாதிக்கு மேல சமையலுக்குப் போயிருச்சு. தீபாவளியோட காலேஜ் லீவும் சேர்ந்து வந்ததால பிள்ளைங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க, மெஸ் 12 நாள் மூடியாச்சு. மூட்டையில ஒரு 24 கிலோ மிச்சம் இருந்துச்சு.

இங்கதான் ரெண்டு முடிவு எடுத்தோம், ரெண்டுமே அந்த நேரத்துக்கு சரியாத்தான் பட்டுச்சு. மழை பேஞ்சு சாக்கு அடியில ஈரமா இருந்துச்சு, அப்படியே விட்டா அழுகிரும்னு கிழங்க எல்லாம் ஸ்டோர் ரூம் தரையில கொட்டிப் பரப்பி விட்டோம். அழுகாம இருக்கறதுக்கு அது நல்ல வழிதான். அப்புறம் சமையலம்மா, வெளிச்சம் இருந்தா எலி வராதுன்னு டியூப்லைட்ட எரிய விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆக 12 நாள் ராவும் பகலும் லைட்டு வெளிச்சத்துல பரப்பி வெச்ச கிழங்கு. எலி வந்துச்சா வரலையான்னு தெரியாது, கிழங்குல பச்சை மட்டும் நல்லா ஏறியிருந்துச்சு.

அன்னிக்குக் காலைல

லீவு முடிஞ்சு முதல் நாள் 34 பேர் வந்திருந்தாங்க. மெனு பூரி கிழங்கு. காலைல நாலே முக்காலுக்கு சமையலம்மா ஸ்டோர் திறந்து மேலாக்க கையில கிடைச்ச கிழங்கா ஒரு 6 கிலோ அள்ளிட்டுப் போனாங்க. மேலாக்கன்னா வெளிச்சம் பட்ட கிழங்கு. அடியில கிடந்ததுல முளை இருந்துச்சு, ஆனா பச்சை அவ்வளவா இல்ல, அது எனக்கு மத்தியானம் போய் பாக்கும்போதுதான் தெரிஞ்சுச்சு.

முளைய எல்லாம் கையாலயே ஒடிச்சுப் போட்டுட்டு, கழுவி, தோலோட குக்கர்ல போட்டு, விசில் வந்ததும் எறக்கி, சூட்டோட தோல உரிச்சு மசிச்சு, வெங்காயம் பச்சை மிளகாய் மஞ்சத்தூள் போட்டு மசால் ஆச்சு. நம்ம வீடுகள்ல எல்லாரும் பண்றதுதான் இது. இதுக்குள்ளதான் பிரச்சனையே இருந்துச்சு, அத கீழ சொல்றேன்.

27 பேர் பூரி கிழங்கு சாப்பிட்டாங்க. மிச்சம் 7 பேர்ல சிலர் பிரெட், சிலர் சாப்பிடாமலே கிளம்பினவங்க. சாப்பிடும்போதே ரெண்டு மூணு பேர் "அக்கா கிழங்கு ஏதோ கசக்குது"ன்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தி தொண்டைல கரகரன்னு இருக்குன்னு சொன்னாளாம். மஞ்சத்தூள் தூக்கலா விழுந்திருக்கும்னு சொல்லி சமாளிச்சாச்சு.

பத்தரைக்கு மேல ஃபோன் வர ஆரம்பிச்சுச்சு. ஆஃபீஸ்ல ஒருத்தி வாந்தி, காலேஜ்ல ஒருத்திக்கு வயித்த முறுக்குது, தலை சுத்துது. மத்தியானம் ஒரு மணிக்குள்ள எட்டு பேர் ஆயிருச்சு, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மொத்தம் 11. குமட்டலோ வாந்தியோதான் எல்லாருக்கும் முதல்ல, அப்புறம் வயித்து வலி, நாலஞ்சு பேருக்கு பேதி, பாதி பேருக்குத் தலைவலி. மூணு பேர கிளினிக் கூட்டிட்டுப் போனோம், அதுல ஒருத்திக்கு வாந்தி நிக்காம ட்ரிப்ஸ் போட வேண்டியதாச்சு.

முதல்ல எடுத்த முடிவு

நான் பதினொன்றரைக்குத்தான் மெஸ்ஸுக்குள்ள போனேன். மத்தியான சாப்பாட்டுக்கு அதே குவியல்ல இருந்து எடுத்து உருளை வறுவலுக்கு நறுக்கி வெச்சிருந்தாங்க. வெட்டின துண்டுல ஓரம் எல்லாம் வெளிர் பச்சையா கோடு. அத அப்படியே நிறுத்தச் சொன்னேன்.

சமையலம்மாவுக்குக் கோவம். "ஏங்கண்ணு, முப்பது வருசமா முளை விட்ட கிழங்க ஒடிச்சுப் போட்டு ஆக்கிட்டுத்தான இருக்கறேன், யாருக்கு என்ன ஆச்சு? எண்ணெயில நல்லா மொறுமொறுன்னு போட்டா எல்லாம் போயிரும்"னாங்க. அவங்க சொன்னதுல பாதி நெசம். சின்னதா முளை விட்ட கெட்டிக் கிழங்க முளை எடுத்துட்டு ஆக்கினா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. முப்பது வருசம் ஆகாததுக்குக் காரணம் அதுதான். மிச்ச பாதி, எண்ணெயில போட்டா போயிரும்ங்கறது, அது தப்பு.

கிழங்குல இருக்கற விஷத்துக்குப் பேரு சோலனின், கூடவே சாக்கோனின்னு இன்னொண்ணு. ரெண்டும் செடி தன்னப் பூச்சிகிட்ட இருந்து காப்பாத்திக்க தானே செஞ்சுக்கறது. தண்ணி கொதிக்கற சூட்டுல இது சிதையாது, குக்கர் சூட்டுலயும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். சிதைய 170 டிகிரிக்கு மேல வேணும். எண்ணெய் அந்த சூட்டுக்கு வரும், ஆனா எண்ணெய்க்குள்ள கிடக்கற கிழங்குத் துண்டோட உள்ள ஈரம் இருக்கற வரைக்கும் 100 டிகிரிய சுத்தித்தான் இருக்கும். மேல மொறுமொறுப்பான இடத்துல கொஞ்சம் குறையலாம், அதுக்கு மேல எதிர்பாக்க முடியாது.

அடுத்தது அவங்க சொன்னது, "அப்ப புளித்தண்ணியில போட்டு எடுக்கறேன், சேனைக்கு செய்யறாப்புல." இதுவும் நல்ல அனுபவத்துல இருந்து வர்ற யோசனைதான், ஆனா ஆளு வேற. சேனையிலயும் கருணையிலயும் நாக்கு அரிக்கறது ஊசி மாதிரி சின்னச் சின்ன ஆக்சலேட் படிகம் குத்தறதால, அதுக்குப் புளி கேக்கும். உருளையில இருக்கறது அந்த மாதிரி குத்தற சாமான் இல்ல, வயித்துக்குள்ள போய் குடல் செல்லோட சவ்வயே குலைக்கற சாமான், நரம்புச் செய்தி கொண்டு போற ரசாயனத்த வேலை முடிஞ்சதும் உடைக்கற ஒரு என்சைமையும் தடுக்கும். புளி போட்டா கசப்பு மறையும், அவ்வளவுதான். அது இன்னும் ஆபத்து, ஏன்னா கசப்பு ஒண்ணுதான் சாப்பிடறவங்களுக்குக் கிடைக்கற எச்சரிக்கை.

மிச்ச மசால் அரை கிலோ போல பாத்திரத்துல இருந்துச்சு. அதுல கொஞ்சூண்டு நாக்கு நுனியில வெச்சுப் பாத்துத் துப்பினேன். முதல்ல கசப்பு, அப்புறம் அரை நிமிஷம் கழிச்சு தொண்டை வாசல்ல ஒரு எரிச்சல், தண்ணி குடிச்சும் போகல. இத நான் செஞ்சிருக்கத் தேவையில்ல, நீங்களும் செய்யாதீங்க, ஆனா அதுக்கப்புறம் எனக்கு சந்தேகம் ரொம்பக் கம்மியாயிருச்சு.

டாக்டர் சொன்னது, எங்களுக்கு உறுதியா தெரியாம போனது

கிளினிக்ல டாக்டர் முதல்ல சாதாரண ஃபுட் பாய்சனிங்னுதான் எடுத்துக்கிட்டாங்க. கிழங்கு விஷயத்த சொன்னதும், இருக்கலாம், ஆனா வைத்தியம் ஒண்ணுதான், இதுக்குன்னு தனியா முறிவு மருந்து கிடையாதுன்னு சொல்லி ஓஆர்எஸ்ஸும் வாந்தி நிக்க மாத்திரையும் குடுத்தாங்க. தூக்கமா சொருகுது, மூச்சு வாங்குது, பேச்சு குழறுது, இல்லாததப் பாக்கற மாதிரி பேசறாங்கன்னா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு தனியா கூப்பிட்டு சொன்னாங்க. அப்படி யாருக்கும் ஆகல. அடுத்த நாள் ராத்திரிக்குள்ள 11 பேரும் சாதாரணமா சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

நேர்மையா சொல்லணும்னா கிழங்குதான்னு லேப்ல நிரூபிக்கல. சாம்பிள் அனுப்ப யாருக்கும் தோணல, மிச்ச மசால நான் சுவை பாத்த கையோட கழுவ விட்டுட்டோம், அது என் தப்பு. சமைச்ச சாமான்ல சில பாக்டீரியா விஷமும் இதே மாதிரி சில மணி நேரத்துல வாந்திய கிளப்பும். நான் கிழங்குன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்: மசால் அஞ்சரைக்கு எறக்கி ஏழரைக்குப் பரிமாறினது, ராத்திரி வெச்ச சாமான் இல்ல. கசப்பும் தொண்டை எரிச்சலும் வாந்திக்கு முன்னாடியே சாப்பிடும்போதே சொல்லியிருக்காங்க, பாக்டீரியா விஷம் கசக்காது. பூரி கிழங்கு சாப்பிடாத 7 பேர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தடவ கிழங்கு வாங்கினவங்கதான் ரொம்ப கஷ்டப்பட்டாங்க, கசக்குதுன்னு ஒதுக்கி வெச்சவங்களுக்கு குமட்டலோட நின்னுருச்சு.

அப்ப 27ல 16 பேருக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னு ஓனர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு கிழங்குலயும் அளவு வேற வேற, மசிச்சாலும் முழுசா ஒண்ணா கலக்காது, கட்டி கட்டியா இருக்கும், பச்சைக் கட்டி யார் தட்டுல விழுந்துச்சுங்கறது அதிர்ஷ்டம். உடம்பு எடையும் கணக்கு.

அந்தக் கணக்கையும் போட்டுப் பாத்தேன். சாதாரண கிழங்குல இந்த விஷம் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள்ள இருக்கும், 200 தாண்டினா சாப்பிடக் கூடாதுன்னு பொதுவா ஏத்துக்கிட்டிருக்காங்க. 140 தாண்டும்போதே கசப்பு தெரியும், 220க்கு மேல தொண்டை எரியும்னு சொல்வாங்க. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல சொன்னபடி உடம்பு எடையில கிலோவுக்கு 1 மில்லிகிராம் உள்ள போனாலே வாந்தி பேதி வரலாம். எங்க பிள்ளைங்க எடை 50 கிலோன்னு வெச்சுக்கோங்க, ஆக 50 மில்லிகிராம். 6 கிலோ கிழங்க 27 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 200 கிராம் சொச்சம். நல்ல கிழங்கா இருந்தா அதுல 20 மில்லிகிராம் சொச்சத்துக்கு மேல வராது, ஒண்ணும் ஆகாது. அதே 200 கிராம் கிழங்கு கிலோவுக்கு 400 இருக்கற பச்சைக் கிழங்கா இருந்தா 80 மில்லிகிராம், எல்லைய நல்லாவே தாண்டிருச்சு. வார்டனோட பையன் ஆறு வயசு, 18 கிலோ இருப்பான், நல்லவேளை அன்னிக்கு ஊர்ல இருந்தான். அவனுக்கு அதே கிழங்கு 50 கிராம் போதும்.

இது நடந்த அப்புறம் தேடிப் படிச்சதுல லண்டன் ஸ்கூல் கேஸ் ஒண்ணு கிடைச்சுச்சு, 1979ல மருத்துவ இதழ்ல வந்தது. 78 பசங்களுக்கு மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் உடம்புக்கு முடியாம போய் 17 பேர ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, எல்லாரும் பிழைச்சுட்டாங்க. காரணம்னு அவங்க கண்டது லீவுக்கு முன்னாடி டேர்ம்ல மிச்சமான ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. படிக்கும்போது எங்க ஸ்டோர் ரூம பாத்துட்டு எழுதின மாதிரியே இருந்துச்சு.

கத்தி வெச்சுப் பாத்தது

மிச்சம் இருந்தது 18 கிலோ. சாயங்காலம் பிள்ளைங்க கொஞ்சம் தேறினதும் சமையலம்மாவையும் உக்கார வெச்சு நாலஞ்சு கிழங்க வெட்டிப் பாத்தோம். அவங்களுக்குப் புரிய வைக்கறதுக்குன்னு ஆரம்பிச்சேன், எனக்குத்தான் நிறைய புரிஞ்சுச்சு.

ஒரு பச்சைக் கிழங்க வேக வெச்சு வழக்கம்போல தோல உரிச்சோம். வேக வெச்ச கிழங்குல தோல் காகிதம் மாதிரி மெல்லிசா மட்டும்தான் வரும். பச்சை தோல்ல இல்ல, தோலுக்கு அடியில சதையிலதான் இருக்குது, அது அப்படியே கிழங்கோட ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அதே மாதிரி இன்னொரு கிழங்க வேக வைக்காம பீலர்ல சீவினோம். ஒரு சீவலுக்கு ஒரு மில்லிமீட்டர் போல போகுது. முதல் சீவல்ல பச்சை போகல, ரெண்டாவதுல வெளிறிச்சு, மூணாவது சீவலுக்குத்தான் சதை சுத்தமா மஞ்சள் வெள்ளையா வந்துச்சு. ஆக மூணு மில்லிமீட்டர். காம்பு இருந்த முனையில மட்டும் இன்னும் ஆழமா போச்சு, ஒரு கிழங்குல விரல் அகலத்துக்கு உள்ள வரைக்கும் பச்சை ஓடியிருந்துச்சு.

அதாவது நம்ம ஊர் வழக்கப்படி வேக வெச்சு உரிக்கறதுதான் பச்சைக் கிழங்குக்கு ரொம்ப மோசமான வழி. விஷம் பெரும்பாலும் மேல மூணு நாலு மில்லிமீட்டர்லயும் முளை வர்ற கண்ண சுத்தியும்தான் சேரும், நடுச் சதையில கம்மி. வேக வைக்காம கனமா சீவினா அதுல பெரும்பகுதி குப்பைக்குப் போயிரும். வேக வெச்சு உரிச்சா கிட்டத்தட்ட எல்லாத்தையும் தட்டுல வெக்கறோம், மேல மஞ்சத்தூள் வேற போட்டு பச்சை நிறத்தையும் மறைச்சுடறோம். அன்னிக்கு மசால்ல பச்சை யார் கண்ணுக்கும் தெரியாததுக்குக் காரணம் மஞ்சள்தான்.

இன்னொரு விஷயம். பச்சை நிறம் விஷம் இல்ல. அது எலையில இருக்கற அதே பச்சையம், கீரையில தினம் சாப்பிடறோம். வெளிச்சம் பட்டா கிழங்கு பச்சையத்தையும் செஞ்சுக்குது, சோலனினையும் ஏத்திக்குது, ரெண்டும் ஒரே காரணத்தால தனித்தனியா நடக்குது. அதனால பச்சை ஒரு அறிகுறி, ஆனா அளவுகோல் இல்ல. அடிபட்டு நசுங்கின கிழங்குல பச்சை இல்லாமலே விஷம் ஏறலாம், செவப்புத் தோல் கிழங்குல பச்சை இருந்தும் வெளிய தெரியாது, நகத்தால கீறிப் பாக்கணும். இதனாலதான் பச்சை மறைஞ்ச இடத்தோட நிறுத்தாம அதுக்கப்புறம் இன்னும் ஒரு சீவல் கூட எடுக்கணும்னு வெச்சுக்கிட்டோம்.

ஓனர் நடுவுல வந்து ஒரு யோசனை சொன்னார், ஒரு வாரம் இருட்டுல சாக்கு போட்டு மூடி வெச்சா பச்சை போயிரும்ல, அப்புறம் ஆக்கலாமேன்னு. பச்சை மெல்ல மெல்ல மங்கத்தான் செய்யும். ஏறின சோலனின் எறங்காது. அப்படி செஞ்சா விஷம் இருக்குது, அடையாளம் மட்டும் போயிருச்சுன்னு ஆகும். வேண்டாம்னு சொல்லிட்டேன், அவருக்கு முகம் சுருங்கிப் போச்சு.

முளைக் கதையும் இப்படித்தான். ஒடிச்சா முளைதான் போகுது, அடி அங்கயே இருக்குது. கிழங்குச் செடியில விஷம் ரொம்ப அதிகமா இருக்கற இடம் முளையும் பூவும்தான், முளையில சதையைவிடப் பல மடங்கு இருக்கும், அதோட வேர் இருக்கற கண்ணுக்குழியிலயும் சேரும். கத்தி முனைய சாய்ச்சு வெச்சு ஒரு சுத்து சுத்தி, கூம்பு மாதிரி, அகலம் ஒரு சென்டிமீட்டர், ஆழமும் அதே அளவுக்குத் தோண்டி எடுத்தோம். நாலு கண்ணு இருந்தா அப்படி பண்ணலாம். எட்டு பத்து கண்ணுல முளை வந்த கிழங்க இப்படித் தோண்டினா மிஞ்சறது கொட்டாங்குச்சி மாதிரிதான், அதுக்கு வேலை மெனக்கெடறதுல அர்த்தம் இல்ல.

பிரிச்சது எப்படி

18 கிலோவையும் தரையில வெச்சு ஒண்ணொண்ணா கையில எடுத்துப் பாத்துப் பிரிச்சோம். சில நாட்டுல பச்சை, முளை எது இருந்தாலும் தூக்கிப் போடுன்னு சொல்றாங்க, சில நாட்டுல கெட்டியா இருந்தா வெட்டிட்டு சாப்பிடலாம்னு சொல்றாங்க. நான் வெச்சுக்கிட்டது இடையில.

கையில அமுக்கினா கெட்டியா இருக்கணும், இது முதல் சோதனை. சுருங்கி, தொளதொளன்னு இருந்தா மத்ததப் பாக்காமலே குப்பை. ஏன்னா முளை தண்ணியையும் மாவையும் உறிஞ்சிக்கிட்டு வளந்துருச்சுன்னு அர்த்தம். அடுத்தது பச்சை, ஒரு ரூபா காசு அகலத்துக்கு ஒண்ணு ரெண்டு திட்டு இருந்தா சீவி வெச்சுக்கலாம், கிழங்கோட கால்வாசிக்கு மேல பச்சை பாய்ஞ்சிருந்தா குப்பை, மூணு நாலு சீவல் எடுத்தும் பச்சை தெரிஞ்சாலும் குப்பை. முளை ஒரு சென்டிமீட்டருக்குள்ள, நாலு கண்ணுக்கு மேல போகாம இருந்தா தோண்டிட்டு வெச்சுக்கலாம், விரல் நீளத்துக்கு வளந்தது குப்பை. இது அரசாங்க அளவு இல்ல, நாங்க வெச்ச அளவு, கண்ணுக்கும் கைக்கும் சுலபமா இருக்கணும்னு வெச்சது. வார்டன் பையன் மாதிரி சின்னப் பசங்க சாப்பிடறதா இருந்தா இந்த சீவி எடுக்கற கதையே வேண்டாம், பச்சை இருந்தா மொத்தமா தூக்கிப் போட்டுரலாம்.

கோலிக்குண்டவிட கொஞ்சம் பெருசா இருந்த பொடிக் கிழங்கு ஒரு கிலோ போல இருந்துச்சு, வழக்கமா தோலோட ரோஸ்ட்டுக்கு ஒதுக்கி வைப்போம். அதுல பச்சை லேசா இருந்தாலும் குப்பைக்குத்தான் போட்டேன். பொடிக் கிழங்குல சதையோட கணக்குல பாத்தா தோல் பங்கு அதிகம், மூணு மில்லிமீட்டர் சீவினா சுண்டுவிரல் நுனிதான் மிஞ்சும்.

கடைசியில 7 கிலோ தேறுச்சு, எல்லாம் அடியில கிடந்த கிழங்கு. சீவி தோண்டி எடுத்தப்ப சமைக்கக் கிடைச்சது அஞ்சரை கிலோ. 11 கிலோ போச்சு. கிலோ 35 ரூபா வெச்சாலும் 385 ரூபா. ட்ரிப்ஸ் போட்ட பில்லு மட்டும் அதவிட மூணு பங்கு, இத சொன்ன அப்புறம்தான் ஓனர் சாக்கு யோசனைய விட்டார்.

ஒதுக்கினத பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடலாம்னு சமையலம்மா கூடையில எடுத்துட்டுப் போனாங்க. பின்னாடியே ஓடிப் போய் வாங்கிட்டு வந்தேன். பச்சைத் தோலும் முளையும் மாட்டுக்கும் ஆகாது, ஆட்டுக்கும் ஆகாது. பின்னாடி தோட்டத்துல குழி வெட்டிப் புதைச்சோம். அதுல ரெண்டு மூணு செடியா வந்துருச்சு, அது தனிக் கதை.

அடுத்த சில நாள்

அந்த அஞ்சரை கிலோவ ரெண்டு நாள் சாம்பாரும் பொரியலுமா போட்டோம், வேக வைக்கறதுக்கு முன்னாடியே சீவி, நறுக்கி, வேக வெச்ச தண்ணிய கீழ ஊத்திட்டு. தண்ணியில போறது கொஞ்சம்தான், பெரும்பகுதிய எடுக்கறது சீவல்தான். யாருக்கும் ஒண்ணும் ஆகல, கசக்குதுன்னும் யாரும் சொல்லல. ஆனா பிள்ளைங்க ஒரு மாசத்துக்கு பூரி கிழங்கு பக்கமே வரல, பூரிக்கு குருமா போட்டோம்.

இப்ப மாத்தினது, இன்னும் மாத்த முடியாதது

மூட்டை வாங்கறத விட்டாச்சு, வாரத்துக்கு 20 கிலோ. மண்டியில மூட்டைக்கு விலை கம்மிங்கறதால ஓனர் இன்னும் முணுமுணுக்கறார். லீவு வருதுன்னா நாலு நாள் முன்னாடியே கிழங்கு மெனுவா போட்டுக் காலி பண்ணிடறோம். கிழங்க பரப்பித்தான் வெக்கறோம், காத்து வேணும், ஆனா மேல ரெண்டு பழைய சாக்கு போட்டு வெளிச்சம் படாம மூடி. டியூப்லைட் சுவிட்ச வெளிய மாத்தி வெச்சாச்சு, எலிக்குப் பொறி வெச்சிருக்கோம். 10 டிகிரிய ஒட்டின குளிர் இருந்தா கிழங்கு ரொம்ப நாள் முளைக்காம நிக்கும், நம்ம ஊர்ல ஸ்டோர் ரூம அப்படி வெக்க வழியில்ல. ஃபிரிட்ஜ்ல வெச்சா முளை நிக்கும், ஆனா மாவு சர்க்கரையா மாறி வறுவல் கறுப்பா வருது, 20 கிலோவுக்கு இடமும் இல்ல.

சமையல்ல மாறினது ஒண்ணுதான், லேசா பச்சையோ முளையோ இருக்கற கிழங்கு குக்கருக்குள்ள தோலோட போகக் கூடாது, வேக வைக்கறதுக்கு முன்னாடியே சீவி வெட்டினதுக்கு அப்புறம்தான். சுத்தமான கிழங்குன்னா வழக்கம்போல வேக வெச்சு உரிச்சுக்கலாம். பரிமாறறதுக்கு முன்னாடி ஒருத்தர் சுவை பாக்கணும்னு சொல்லியிருக்கேன், யாராவது கசக்குதுன்னு சொன்னா அந்தப் பாத்திரம் அதோட நிக்கணும். அன்னிக்கு முதல் பந்தியில கசக்குதுன்னு சொன்னப்பவே நிறுத்தியிருந்தா பாதி பேருக்கு மேல தப்பிச்சிருப்பாங்க.

நான் மறுபடி செய்யறதா இருந்தா, மிச்ச மசால்ல ஒரு டப்பா ஃப்ரீசர்ல எடுத்து வெச்சிருப்பேன், யார் எத்தனை கரண்டி வாங்கினாங்கன்னு அன்னிக்கே கேட்டு எழுதியிருப்பேன். மூணு நாள் கழிச்சுக் கேட்டதால பாதி பேருக்கு சரியா ஞாபகம் இல்ல, மேல நான் எழுதின எண்ணிக்கையில சாப்பிட்ட அளவு மட்டும் அவங்க சொன்ன குத்துமதிப்புதான்.

சமையலம்மா இப்பவும் முளைய கையாலதான் ஒடிக்கறாங்க, பழக்கம். ஒடிச்சுட்டு அப்புறம் கத்திய எடுத்து குழி தோண்டறாங்க. போன வாரம் கொஞ்சம் பச்சை பாய்ஞ்ச கிழங்கு ஒண்ண தூக்கிக் காட்டி "ஏங்கண்ணு, இது சீவறதா புதைக்கறதா"ன்னு கேட்டாங்க. கால்வாசிக்கு மேல இருந்துச்சு, புதைச்சோம்.